நிலத்துக்கு எத்தனை கல்? சதுர அடிக் கணக்கு மட்டும் போதாது

வீட்டு நிலத்துக்குக் கல் பதிக்க நினைப்பவர்களில் பெரும்பாலானோர் ஒரே கணக்கோடுதான் கடைக்கு வருகிறார்கள். அறையின் நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதை ஒரு கல்லின் பரப்பால் வகுத்து, சேதாரத்துக்கு நூற்றுக்குப் பத்துச் சேர்த்துக் கொள்வார்கள். சில அறைகளுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். சிலவற்றில் மேசன் பாஸ் வேலையை நிறுத்திவிட்டு, "இன்னும் நாலு கல் வேணும்" என்று கேட்க நேரும். அந்த நாலு கல்லைத் தேடிப் போகும்போது, அதே நிறக் கல் கடையில் இருக்காது.

கோட்டா கல்லை எடுத்துக் கொள்வோம். இது இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், கோட்டா நகரைச் சூழ்ந்த பகுதிகளில் வெட்டி எடுக்கப்படும் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். நீலப் பச்சை, மண் நிறம் என்று வரும். பூமிக்குள் அடுக்கடுக்காக இருப்பதால் பலகை பலகையாகப் பிரித்தெடுக்கலாம். அப்படி எடுக்கும் பலகையின் ஓரங்கள் நேராக இருப்பதில்லை. இரண்டு அடிக்கு இரண்டு அடி என்று சொல்லப்படும் கரட்டுக் கல்லின் நான்கு ஓரங்களையும் மெஷினில் வெட்டி நேராக்கினால், பொதுவாக 22 அங்குலச் சதுரமே மிஞ்சும்.

பணம் கைமாறும் இடம் இதுதான். 24 அங்குலச் சதுரக் கல் ஒன்று 4 சதுர அடி. 22 அங்குலச் சதுரம் சுமார் 3.36 சதுர அடி. ஓரம் வெட்டாத கல்லை 1000 சதுர அடி வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 250 கல். ஓரம் வெட்டிய பின் அவை மூடக்கூடியது 840 சதுர அடிதான். ஆகவே விலை கேட்குமுன், "இது ஓரம் வெட்டுமுன் அளவா, வெட்டிய பின் அளவா?" என்று கேளுங்கள். ஒருவர் சொல்லும் விலை மற்றவருடையதை விடக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாபிளிலும் இதே கதைதான். பெரிய பலகையின் ஓரம் வளைந்திருந்தால், அதற்குள் நேராக வெட்டி எடுக்கக்கூடிய நீள் சதுரத்தையே அளக்க வேண்டும்.

இனி அறைக்கு வருவோம். அளவை சுவர்ப் பூச்சு முடிந்த பிறகே எடுக்க வேண்டும். பூச்சு இரு பக்கமுமாகச் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று இடத்தில் அளந்து பெரிய அளவை எடுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு தரம் அளந்து பாருங்கள். அந்த இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அறை சதுரமாக இல்லை என்று அர்த்தம்.

ஓர் அறை 14 அடி 6 அங்குல நீளம், 11 அடி 3 அங்குல அகலம் என்று வைப்போம். அங்குலத்தில் 174, 135. பரப்பு சுமார் 163 சதுர அடி. 3.36 ஆல் வகுத்தால் 49 கல். நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் 54.

இப்போது வரிசையாக எண்ணிப் பார்ப்போம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இடைவெளி விடுவதாகக் கொள்வோம். நீளப் பக்கம் ஏழு முழுக் கல் போய், எட்டாவது இடத்துக்கு 19 அங்குலம் மிஞ்சும். அதற்கு ஒரு கல்லின் ஓரத்தில் 3 அங்குலம் வெட்டினால் சரி. ஆகவே நீளத்தில் எட்டுக் கல்.

அகலப் பக்கத்தில்தான் சிக்கல். ஆறு முழுக் கல் போட்டால் 132 அங்குலம். இடைவெளிகளையும் கழித்தால் சுவரோரம் மிஞ்சுவது இரண்டே கால் அங்குலம். ஒரு கல்லில் இருந்தே எட்டுத் துண்டும் வெட்டிவிடலாம், மொத்தம் 49 கல் போதும். ஆனால் இவ்வளவு ஒடுங்கிய துண்டு வெட்டும்போதே உடையும். சுவர் அரை அங்குலம் கோணலாக இருந்தாலும், அந்தத் துண்டு ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கிப் போவது அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும்.

நல்ல பாஸ் இப்படிச் செய்ய மாட்டார். நடுவில் ஐந்து வரிசை முழுக் கல் போட்டு, இரு சுவரோரமும் 12 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான துண்டுகளைப் போடுவார். அப்போது இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 22 அங்குலக் கல்லில் இருந்து 12 அங்குலத் துண்டு இரண்டு வராது. ஆகவே அகலத்தில் ஏழு வரிசை, நீளத்தில் எட்டு. மொத்தம் 56 கல். 54 வாங்கியவருக்குக் கல் குறைவது இங்கேதான்.

ஏழு கல் கூடுதலாகப் போகிறதே என்று சிலர் யோசிப்பார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பாருங்கள். பதினாறு கல்லிலும் சுமார் ஒன்பதே முக்கால் அங்குல அகலத் துண்டு ஒவ்வொன்று மிஞ்சும். சுவரடியில் ஓட்டும் 4 அங்குல ஸ்கேர்ட்டிங் ஒவ்வொன்றிலும் இரண்டு வரும். ஒரு வாசல் போக இந்த அறையின் சுற்றளவு 582 அங்குலம். மூலைக் கற்கள் இரண்டை விட்டாலும், மீதிப் பதினான்கு துண்டில் இருந்து 616 அங்குல நீளத்துக்கு ஸ்கேர்ட்டிங் கிடைக்கும். 49 கல்லோடு வேலையை முடித்தவர் ஸ்கேர்ட்டிங்குக்கென்று இன்னும் ஆறு கல் வாங்க வேண்டும். அவருக்கு 55, இவருக்கு 56. ஒரே ஒரு கல்தான் வித்தியாசம். ஆனால் இந்த வெட்டுத் துண்டுகளைக் குப்பையோடு எறிய வேண்டாம் என்று பாஸிடம் வேலை தொடங்குமுன்னரே சொல்லி வையுங்கள்.

ஓரத்தில் மிஞ்சும் இடம் பத்தரை அங்குலத்துக்குள் இருந்தால் கதை வேறு. ஒரு கல்லை இரண்டாக வெட்டி இரண்டு இடத்துக்குப் போடலாம். எட்டு இடத்துக்கு நாலு கல் போதும். ஆகவே ஒரே பரப்புள்ள இரண்டு அறைகளுக்கு ஒரே எண்ணிக்கைக் கல் போகும் என்று சொல்ல முடியாது. சேதாரத்தைத் தீர்மானிப்பது அறையின் பரப்பு அல்ல, ஓரத்தில் மிஞ்சும் அந்த அங்குலங்கள்தான்.

இதற்கு மேல் உடைவுக்கென்று நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் போதும். நமது அறைக்கு மூன்று கல். மொத்தம் 59. இந்த மூன்றையும் பின்னர் வாங்கிக் கொள்ளலாம் என்று விட்டு விடாதீர்கள். கோட்டா கல்லின் நிறம் ஒரு குவாரிக்கும் இன்னொன்றுக்கும் மாறும். அடுத்த கொள்கலனில் வருவது இதே நிறத்தில் இருக்கும் என்று எந்த வியாபாரியும் உத்தரவாதம் தர முடியாது, நான் உட்பட. உடையாமல் மிஞ்சினால், நாளை ஒரு கல் வெடித்தால் மாற்றுவதற்கு உதவும்.

மாபிளில் உடைவுக்கு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அதில் ஓடும் கோடுகள் ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்லுக்குத் தொடர வேண்டுமென்று விரும்பினால், வெட்டிய துண்டை நினைத்த இடத்தில் போட முடியாது. மெல்லிய கீறலும் இருக்கலாம். தண்ணீர் தெளித்துப் பார்த்தால் கீறல் உள்ள இடம் மட்டும் ஈரமாகவே நிற்கும், மற்ற இடம் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட கல்லைத் துண்டாக வெட்டும் இடத்துக்கு ஒதுக்கலாம், அல்லது பொறுக்கி எடுக்கும்போதே திருப்பிக் கொடுக்கலாம்.

கடைக்கு வருமுன் ஒரு கடதாசியில் அறையை வரைந்து, கட்டங்களாகக் கல்லைப் பிரித்து, நான்கு சுவரோரமும் எத்தனை அங்குலம் வருகிறது என்று எழுதிக் கொண்டு வாருங்கள். மேசன் பாஸ் அருகில் இருந்தால் பத்து நிமிட வேலை. அந்தக் கடதாசியைப் பார்த்தால் எத்தனை கல் தர வேண்டும் என்று வியாபாரிக்கும் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னால் காரணம் கேட்க உங்களுக்கும் முடியும்.