துணையில்லாத இரண்டு கொட்டைகள்

மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் ஒற்றை எண், இரட்டை எண் பயிற்சித்தாளைக் கொடுத்தால் முதல் பக்கத்தை மளமளவென்று முடித்துவிடும். கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்றால் இரட்டை, மற்றதெல்லாம் ஒற்றை. அடுத்த பக்கத்தில் 3 + 5, 7 + 9, 11 + 5 என்று கணக்குகள். எல்லாவற்றுக்கும் விடை இரட்டை எண்தான். 'இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும்' என்று கோடிட்ட இடத்தையும் நிரப்பிவிடும். ஏன் அப்படி வருகிறது என்று எழுதத்தான் பெரும்பாலான தாள்களில் இடம் இருப்பதில்லை.

இந்த 'ஏன்' சிறு குழந்தைகளுக்கு எட்டாதது அல்ல. 1989–90 கல்வியாண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெபோரா பால் என்ற கணிதக் கல்வியாளர் நடத்திய மூன்றாம் வகுப்பில் இதே கணக்கு வந்தது. பல ஒற்றை எண்களைக் கூட்டிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக வந்தன. ஆனால் சில குழந்தைகள் மறுத்தார்கள். எண்களுக்கு முடிவே இல்லை, எல்லாவற்றையும் எப்படிச் சோதிக்க முடியும், எப்போதும் இப்படித்தான் வரும் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஆயிரம் கணக்குகள் சரியாக வந்தாலும் ஆயிரத்து ஒன்றாவது கணக்குக்கு அவை உத்தரவாதம் தருவதில்லை.

அந்த வகுப்பில் ஒரு குழந்தைதான் விடையும் சொன்னது. எண்ணைக் கோடுகளாகப் போட்டு, இரண்டிரண்டாக வட்டமிட்டுக் காட்டியது. அதையே நம் வீட்டுப் புளியங்கொட்டைகளை வைத்துச் செய்து பார்க்கலாம்.

7 கொட்டைகளை எடுத்து, இரண்டு வரிசையில் எதிரெதிராக ஜோடி சேர்த்து வையுங்கள். மூன்று ஜோடி; ஒன்று தனியாக நிற்கும். சற்றுத் தள்ளி 5 கொட்டைகளையும் அப்படியே அடுக்குங்கள். இரண்டு ஜோடி, இங்கும் ஒன்று தனி. இனி இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக நகர்த்துங்கள். ஏற்கெனவே சேர்ந்த ஐந்து ஜோடிகளைத் தொடவே வேண்டாம். அங்கே தனியாக நின்றதும் இங்கே தனியாக நின்றதும் சேர்ந்து ஆறாவது ஜோடி ஆகிவிடும். 12 இரட்டை எண்.

இங்கேதான் பல குழந்தைகள் தடம் மாறுகிறார்கள். 12 கொட்டைகளையும் ஒரே குவியலாகக் கலைத்துவிட்டு, முதலிலிருந்து ஜோடி சேர்க்கிறார்கள். விடை சரிதான், ஆனால் 12 இரட்டை எண் என்பது மட்டுமே தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. புரிந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. ஜோடிகள் எல்லாவற்றையும் ஒரு தாளால் மூடிவிட்டு, தனியாக நிற்கும் இரண்டு கொட்டைகளை மட்டும் வெளியே விடுங்கள். "உள்ளே எத்தனை ஜோடி என்று தெரியாது, மொத்தம் ஒற்றையா, இரட்டையா?" என்று கேளுங்கள். தாளைத் தூக்காமலே "இரட்டை" என்று சொல்லும் குழந்தைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உள்ளே மூன்று ஜோடி இருந்தாலென்ன, மூவாயிரம் ஜோடி இருந்தாலென்ன? 4,287, 935 இரண்டும் ஒற்றை எண்கள். அத்தனை கொட்டைகளை யாரும் அடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் மிஞ்சும் என்பது தெரியும். மிஞ்சிய இரண்டும் ஜோடியாகும். கூட்டிப் பார்த்தால் 5,222.

எண்களுக்கு முடிவில்லையே என்ற தயக்கத்துக்கு இதுவே பதில். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் நிறுவியதும் இந்த வழியில்தான்: ஒவ்வோர் ஒற்றை எண்ணிலிருந்தும் ஒன்றை எடுத்துவிட்டால் மீதி இரட்டை எண், எடுத்த ஒன்றுகளைத் தனியே பார்த்தால் போதும்.

மிச்சிகன் வகுப்பில் இன்னொரு குழந்தை, 6 ஒற்றையாகவும் இருக்கலாம் என்று வாதிட்டது. அதில் மூன்று ஜோடி இருக்கிறது, மூன்று ஒற்றை எண் ஆயிற்றே என்பது அதன் வாதம். இந்தக் குழப்பம் நம் வகுப்புகளிலும் எழக்கூடியதே. எத்தனை ஜோடி என்பது இங்கே கணக்கில் வராது. துணையில்லாமல் ஏதாவது மிஞ்சுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். 6இல் எதுவும் மிஞ்சவில்லை, ஆகவே இரட்டை. 1 என்ற எண்ணில் ஜோடியே இல்லை, ஒன்று மிஞ்சுகிறது, ஆகவே ஒற்றை.

இந்த ஒரே படம் இன்னும் பல கணக்குகளுக்கு உதவும். ஐந்து ஒற்றை எண்களைக் கூட்டி 30 கொண்டுவர முடியுமா? மிஞ்சுபவை ஐந்து, அவற்றில் இரண்டு ஜோடி போக ஒன்று தனியே நிற்கும். எந்த ஐந்து ஒற்றை எண்களை எடுத்தாலும் 30 வராது.

பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இருபது கூட்டல்களைப் பத்தாகக் குறைத்து, மிச்சமுள்ள இடத்தில் ஜோடிகளை வரைந்து காட்டக் கட்டம் விடுங்கள்.