படுத்திருக்கும் நீள்வட்டத் தொட்டியில் எத்தனை லிட்டர்?

தண்ணீர் லாரியின் தொட்டியைப் பின்புறமிருந்து பார்த்தால் பெரும்பாலும் அகலம் கூடி உயரம் குறைந்த நீள்வட்டமாகத் தெரியும். அதே கொள்ளளவை முழு வட்டத்தில் அடக்கினால் தொட்டியின் உயரம் கூடிவிடும். சுமை மேலேறி, திருப்பங்களில் லாரி சாயும் ஆபத்து வரும். பெட்டி வடிவில் செய்தால் தட்டையான பக்கங்கள் நீரின் அழுத்தத்தில் புடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் நீள்வட்டத்தின் முழுக் கொள்ளளவைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். உட்பக்க அகலம், உயரம், நீளம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 0.7854 என்ற எண்ணாலும் பெருக்கினால் கன மீட்டர் வரும். அந்த எண் பையில் நான்கில் ஒரு பங்கு. அகலம் 2 மீட்டர், உயரம் 1.4 மீட்டர், நீளம் 4.1 மீட்டர் என்றால் விடை 9.016 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 9,016 லிட்டர். அகலத்தையும் உயரத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அந்த 1.7 மீட்டரை விட்டமாகக் கொண்டு வட்டக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் 9,306 லிட்டர் வரும். இல்லாத 290 லிட்டர் கணக்கில் ஏறிவிடும். அகலமும் உயரமும் வேறுபடும் வரை இந்தச் சராசரி வழி எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

உண்மையான சிக்கல் தொட்டி நிறையாதபோதுதான் தொடங்குகிறது. குச்சியை விட்டு ஆழம் பார்க்கிறோம். கால் பங்கு ஆழம் நனைந்தால் கால் பங்கு தண்ணீர் என்று முடிவு செய்கிறோம். அது தவறு. அடிப்பகுதி குறுகலானது, கால் பங்கு உயரம் வரை நிறைவது மொத்தத்தில் 19.6 சதவீதம்தான். நமது தொட்டியில் 35 செ.மீ. ஆழத்துக்கு 2,254 லிட்டர் என்று நினைப்போம்; இருப்பது சுமார் 1,763 லிட்டர். மேற்பகுதியிலும் இதே குறுகல் உண்டு, ஆனால் அங்கே பிழை எதிர்த்திசையில் போகும். உச்சியில் 14 செ.மீ. காலியாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு, 900 லிட்டர் குறைகிறது என்று வாங்குபவர் சண்டைக்குப் போகலாம்; உண்மையில் குறைவது 5.2 சதவீதம், சுமார் 470 லிட்டர். அதே 14 செ.மீ. தொட்டியின் நடுப்பகுதியில் இறங்கினால் 1,146 லிட்டர் போயிருக்கும். சம இடைவெளியில் கோடு போட்ட குச்சி சரியாகச் சொல்வது காலி, பாதி, முழுமை என்ற மூன்று இடங்களில் மட்டுமே.

இதற்கு ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனி அட்டவணை வேண்டாமா என்று கேட்கலாம். தேவையில்லை, இந்த வடிவத்தின் அழகே அங்குதான் இருக்கிறது. ஒரு வட்டத்தைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்து விரித்தால் நீள்வட்டம் கிடைக்கிறது. அப்போது ஒவ்வொரு கிடைமட்டக் கீற்றும் ஒரே விகிதத்தில் நீளுகிறது. ஆகவே அடியிலிருந்து எந்த உயரம் வரை எடுத்தாலும், அந்தப் பகுதிக்கும் முழுப் பரப்புக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. நீள்வட்டத்தின் பரப்பை வட்டத்தோடு இப்படி விகிதத்தால் இணைக்கலாம் என்று ஆர்க்கிமிடீஸ் அன்றே நிறுவிவிட்டார். எனவே தொட்டி எவ்வளவு அகலமாக இருந்தாலும் உயரத்தில் பத்து சதவீத ஆழத்துக்கு 5.2 சதவீதம், இருபதுக்கு 14.2, இருபத்தைந்துக்கு 19.6 என்ற எண்களே பொருந்தும். பாதிக்கு மேல் போனால் காலியாக உள்ள உயரத்தை இதே எண்களில் பார்த்து, நூறிலிருந்து கழித்தால் போதும்.

பட்டறையில் செய்யும் தொட்டி அச்சு அசலாக நீள்வட்டமாக இருக்குமா என்ற ஐயமும் நியாயமானதே, இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேலும் கீழும் தட்டையாக விட்டு, இருபுறமும் அரைவட்டம் வைத்துச் செய்த தொட்டியும் தூரத்திலிருந்து நீள்வட்டம் போலவே தெரியும். அதே அகலம், உயரம், நீளத்தில் அது 9,755 லிட்டர் கொள்ளும். நமது சூத்திரமோ 739 லிட்டர் குறைத்துச் சொல்லும். வேறுபாட்டைக் கண்டறிய ஒரே ஓர் அளவு கூடுதலாக எடுக்க வேண்டும்: அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் தொட்டியின் அகலம். உண்மையான நீள்வட்டத்தில் அது முழு அகலத்தில் 86.6 சதவீதம், இங்கே 1.73 மீட்டர். அரைவட்டப் பக்கம் கொண்டதில் 1.81 மீட்டர் வரும். எட்டு செ.மீ. வேறுபாடு டேப்பில் தவறாமல் தெரியும்.

வெளியிலிருந்து அளப்பவர்கள் தகட்டின் தடிமனையும் மறக்கக் கூடாது. நமது மூன்று அளவுகளும் வெளிப்புறத்தில் எடுத்தவை என்றும் தகடு 5 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வோர் அளவிலும் ஒரு செ.மீ. கழிந்து கொள்ளளவு 8,886 லிட்டராக இறங்கும். இரு முனைகளும் வெளிப்புறம் புடைத்திருந்தால் சற்றுக் கூடும். உள்ளே அலையடக்கும் தடுப்புத் தகடுகள் இருந்தால் கொஞ்சம் குறையும். லாரி சரிவில் நின்றால் ஒரு முனையில் ஆழம் கூடி மறுமுனையில் குறையும் என்பதால், குச்சியைத் தொட்டியின் நீளத்தில் நடுவே உள்ள மூடி வழியாக விட வேண்டும். சரிவு லேசாக இருந்து, தண்ணீர் மட்டம் தொட்டியின் அடியையோ உச்சியையோ ஒட்டி நிற்காதவரை, அங்கே கிடைக்கும் ஆழத்தை நம்பிக் கணக்கிடலாம்.