ஒரு வீடியோ, ஆறு நாட்டுக் கடிகாரம்: யூடியூபில் எப்போது பப்ளிஷ் செய்வது?

சென்னையில் மாலை 6.30 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 9 மணி. துபாயில் மாலை 5 மணி. லண்டனில் கோடைக்காலமாக இருந்தால் பிற்பகல் 2 மணி, டொரன்டோவில் அப்போதுதான் காலை 9 மணி. இந்த எல்லா ஊரிலும் உங்கள் தமிழ் வீடியோவுக்கு ஆள் இருக்கிறார்கள் என்றால், எந்த நேரத்துக்கு வீடியோவை வெளியிடுவது?

‘இரவு 8 மணிக்குப் போடுங்க, வியூஸ் அள்ளும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். யாருடைய இரவு 8 மணி என்பதுதான் கேள்வி. தமிழில் யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் இந்த நேரக் கணக்கை எப்படிப் போடலாம்? பார்க்கலாம்.

நேரம் எவ்வளவு முக்கியம்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வழக்கமான வீடியோவின் நீண்டகால வியூஸை வெளியிடும் நேரம் நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. இன்று போட்ட மீன் குழம்பு வீடியோவை ஒருவர் மூன்று மாதம் கழித்துத் தேடிப் பார்ப்பார். அவருக்கு அது எத்தனை மணிக்கு வந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை.

அப்படியென்றால் நேரம் எங்கே வேலை செய்கிறது? முக்கியமாக இரண்டு இடங்களில். ஒன்று, லைவ் மற்றும் ப்ரீமியர். அந்த நேரத்தில் பார்வையாளர் விழித்திருக்கவில்லை என்றால் சாட்டில் ஆளே இருக்காது. இரண்டு, சீக்கிரமே பழசாகிவிடும் வீடியோக்கள். முதல் நாள் பட விமர்சனம், கிரிக்கெட் மேட்ச் அலசல் போன்றவற்றுக்கு முதல் சில மணி நேரம்தான் ஆயுள். சமையல், பாடம், பயண வீடியோக்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஆகவே அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து வீடியோ போடுபவர், தான் போடுவது எந்த வகை என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த ஊதா நிற வரைபடம்

யூடியூப் ஸ்டுடியோவில் Analytics, அதில் Audience பகுதிக்குப் போனால் When your viewers are on YouTube என்று ஒரு வரைபடம் இருக்கும். கடந்த 28 நாட்களில் உங்கள் பார்வையாளர்கள் எந்த நாள், எந்த மணியில் யூடியூபில் இருந்தார்கள் என்பதை ஊதா நிறக் கட்டங்களாகக் காட்டும். நிறம் அடர்த்தியாக இருந்தால் கூட்டம் அதிகம். பார்வையாளர்கள் குறைவான புதிய சேனல்களுக்கு இது காலியாகவே இருக்கலாம்.

இதைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரைபடம் எல்லா நாட்டுக்காரர்களையும் ஒன்றாகச் சேர்த்து, உங்கள் ஊர் நேரத்தில் காட்டுகிறது. உங்கள் பார்வையாளர்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள் என்றால், நிறம் தமிழ்நாட்டு இரவில்தான் அடர்த்தியாகத் தெரியும். கனடாக்காரர்களின் இரவு நமக்கு விடியற்காலை. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அந்தக் கட்டம் வெளிறிப்போய் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘அந்த நேரத்தில் யாருமே இல்லை’ என்று முடிவு கட்டக்கூடாது.

எனவே வரைபடத்தோடு சேர்த்து, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் Geography அறிக்கையையும் திறந்து வையுங்கள். விளம்பர வருமானம் வரும் சேனல் என்றால், அதே அறிக்கையில் நாடுவாரியாக வருமானத்தையும் பார்க்கலாம். ஒரு வியூவுக்குக் கிடைக்கும் தொகை எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. வியூஸில் சிறிய நாடு வருமானத்தில் பெரியதாக இருக்க வாய்ப்பு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணம். திருநெல்வேலியில் இருந்து ஒருவர் சமையல் சேனல் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 100 வியூஸில் 58 இந்தியா மற்றும் இலங்கை, 16 மலேசியா மற்றும் சிங்கப்பூர், 12 வளைகுடா நாடுகள், 6 பிரிட்டன், 8 கனடா என்று கொள்வோம். வாரம் ஒரு வீடியோ, மாதம் ஒரு லைவ் அவர் திட்டம்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகின்றன. துபாய் ஒன்றரை மணி நேரமும், சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரமும் நமக்குப் பின்னால். லண்டன் கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். டொரன்டோ கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை.

இப்போது இரண்டு ஓரங்களை மட்டும் பாருங்கள். மலேசியாவில் இரவு 11 மணிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அது நமக்கு இரவு 8.30. டொரன்டோவில் காலை 7 மணிக்கு முன் யாரும் போனை எடுத்து சமையல் வீடியோ பார்க்கப்போவதில்லை. அது நமக்குக் கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. ஆக வருடம் முழுக்க, இந்த ஐந்து கூட்டமும் ஒரே சமயத்தில் விழித்திருக்கும் நேரம் நம் மாலை 5.30 முதல் இரவு 8.30 வரை. வெறும் மூன்று மணி நேரம்தான்.

அந்த ‘இரவு 8 மணி’ இந்த இடைவெளியின் ஓரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். மலேசியாவில் அப்போது 10.30. நோட்டிபிகேஷன் வரும்போது பலர் படுக்கப் போயிருப்பார்கள். 6.30 என்றால் அங்கே 9 மணி, சாப்பிட்டு முடித்து போனைக் கையில் எடுக்கும் நேரம். தமிழ்நாட்டில் கூட்டம் கூடும் இரவு 8 மணிக்கும் முன்பாகவே வீடியோ வந்து காத்திருக்கும். நம்ம திருநெல்வேலிக்காரருக்கு 6.30தான் சரியாக வரும்.

அப்லோடு வேலையை மட்டும் கடைசி நிமிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். உயர்தர வீடியோ முழுத் தரத்தில் தயாராக நேரம் பிடிக்கும். முதலில் மங்கலான தரத்தில்தான் கிடைக்கும். காலையிலேயே ஏற்றிவிட்டு ஷெட்யூல் செய்துவிடலாம்.

எந்தக் கிழமை?

நேரம் கிடைத்துவிட்டது. கிழமை? ‘ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாருக்கும் லீவ்’ என்று நினைத்தால் வளைகுடாவில் அடி வாங்கும். சவுதி, குவைத், கத்தாரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியது. மலேசியாவிலும் கெடா போன்ற சில மாநிலங்களில் வெள்ளி, சனிதான் விடுமுறை.

எல்லாப் பட்டியலிலும் பொதுவாக வருவது சனிக்கிழமை. தமிழ்நாட்டில் பலருக்குச் சனி வேலை நாள் என்றாலும் மாலை 6.30க்கு லைவில் வந்துவிட முடியும். டொரன்டோவில் அது சனிக்கிழமை காலை காபி நேரம், குவைத்தில் விடுமுறை நாளின் மாலை 4 மணி. மாத லைவுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடைப்பது கஷ்டம்.

மார்ச் மாதம் வரும் குழப்பம்

நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அவர்கள் மாற்றுகிறார்கள். டொரன்டோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறுதான். திரும்பப் பின்னே வருவது லண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு, டொரன்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு.

நீங்கள் 6.30ஐத் தொடவே இல்லை. ஆனால் பிப்ரவரியில் காலை 8 மணிக்கு லைவ் பார்த்த டொரன்டோக்காரருக்கு மார்ச் நடுவில் அது 9 மணி. லண்டன்காரருக்கு மார்ச் முடியும் வரை பிற்பகல் 1 மணி, ஏப்ரலில் 2 மணி. ‘நான் வந்தேன், லைவே இல்லையே’ என்று ஒரு நாட்டிலிருந்து மட்டும் கமென்ட் வந்தால், இதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள்.

இதற்கு எளிய வழி, தம்ப்நெயிலில் ‘மாலை 6.30’ என்று மொட்டையாக எழுதாமல், லைவை முன்கூட்டியே ஷெட்யூல் செய்து லிங்கைப் பகிர்வது. அந்தப் பக்கம் தொடங்கும் நேரத்தைப் பார்ப்பவரின் ஊர் நேரத்திலேயே காட்டும்.

மாற்றம் பலன் தந்ததா?

நேரத்தை மாற்றிய பிறகு முதல் நாள் வியூஸை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். யூடியூப் அனலிட்டிக்ஸில் ஒரு ‘நாள்’ என்பது அமெரிக்க பசிபிக் நேரப்படி. அதாவது நமக்கு அந்த நாள் பகல் 12.30க்குத் தொடங்குகிறது, குளிர்காலத்தில் 1.30க்கு. கோடையில் காலை 10 மணிக்குப் போட்ட வீடியோவுக்கு ‘முதல் நாள்’ வெறும் இரண்டரை மணி நேரம். மாலை 6.30க்குப் போட்டதற்கு 18 மணி நேரம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாலைதான் ஜெயிக்கும், வீடியோ எப்படி இருந்தாலும்!

ஆகவே தேதியை விட்டுவிட்டு, வெளியானதிலிருந்து முதல் 24 மணி நேரத்தை ஒப்பிடுங்கள். பழைய நேரத்தில் நான்கு, புதிய நேரத்தில் நான்கு என்று ஒரே மாதிரி வீடியோக்களை எடுத்துக்கொள்ளலாம். பிறகு அதே எட்டு வீடியோக்களின் 28 நாள் கணக்கையும் பாருங்கள். முதல் 24 மணி நேரம் கூடி, 28 நாள் கணக்கு அப்படியே இருந்தால், புதிதாக ஆள் வரவில்லை. வழக்கமாக வருபவர்கள் சற்று முன்னதாகப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவே. மலேசியா போன்ற ஒரு நாட்டின் வியூஸ் 28 நாளிலும் கூடியிருந்தால், அந்த மாற்றத்தைத் தொடரலாம்.

விடுபட்டவர்கள்

மாலை 6.30 எல்லாருக்கும் பொருந்தாது. சிட்னியில் அது இரவு 11 அல்லது நள்ளிரவு, கலிபோர்னியாவில் விடியற்காலை 5 அல்லது 6. இவர்களுக்காக அதே வீடியோவை வேறு நேரத்தில் மறுபடி ஏற்றுவது வேண்டாத வேலை. வியூஸும் கமென்ட்டும் இரண்டாகப் பிரியும். ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று நோட்டிபிகேஷன்தான் போகும் என்பதால் அந்த ஒதுக்கீடும் வீணாகும். வழக்கமான வீடியோவை அவர்கள் தங்கள் காலையில் பார்த்துக்கொள்வார்கள்.

லைவுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் ஞாயிறு காலை 8 மணிக்கு வையுங்கள். சிட்னியில் அது பிற்பகல், சிங்கப்பூரில் காலை 10.30, கலிபோர்னியாவிலும் டொரன்டோவிலும் சனிக்கிழமை இரவு. அன்று லண்டன் தூங்கிக்கொண்டிருக்கும், துபாயில் பலர் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இது எப்போதாவது ஒருமுறை. மற்ற மாதங்களில் சனி மாலை 6.30ஐ மாற்றாமல் வைத்திருந்தால், எந்த நாட்டுக்காரரும் தன் ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டு மனதில் வைத்துக்கொள்ளலாம்.