தொகையீட்டுக்குள் இருக்கும் தொடக்க மதிப்புகள்

y(x) = x − ∫₀ˣ (x − t) y(t) dt

இதில் நாம் தேடும் சார்பு y இரண்டு இடங்களில் வருகிறது: இடப்பக்கம் தனியாகவும், வலப்பக்கம் தொகையீட்டுக்குள்ளும். x என்ற புள்ளியில் y எவ்வளவு என்று சொல்ல, 0 முதல் x வரை அது எப்படி வந்தது என்பது முழுக்கத் தெரிய வேண்டும். மேல் எல்லை மாறியாக இருக்கும் இத்தகைய சமன்பாடுகளுக்கு இத்தாலியக் கணிதவியலாளர் வீட்டோ வோல்ட்டேராவின் (1860–1940) பெயர் வழங்குகிறது. எல்லை மாறுவதால்தான் இதை வகையிட்டு எளிதாக்க முடிகிறது.

வகையிடும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. x = 0 என்று போடுங்கள். இரண்டு எல்லைகளும் ஒன்றாகித் தொகையீடு மறையும்; y(0) = 0 என்று கிடைக்கும். இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வகையிடலாம். x மேல் எல்லையிலும் இருக்கிறது, உள்ளே (x − t) என்ற காரணியிலும் இருக்கிறது. இரண்டையும் கணக்கில் எடுக்கச் சொல்வது லைப்னிட்ஸ் விதி. எல்லையால் வரும் பகுதி, உள்ளே t = x என்று போட்டால் கிடைக்கும் மதிப்பு; இங்கே அது 0. காரணியை x-ஐப் பொறுத்து வகையிட்டால் 1. ஆகவே

y′(x) = 1 − ∫₀ˣ y(t) dt

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். உள்ளே இருக்கும் x-ஐ மறந்து எல்லையை மட்டும் கவனித்தால் y′ = 1, அதாவது y = x என்று வந்துவிடும். மூலச் சமன்பாட்டில் அதைப் போட்டுப் பார்த்தால் வலப்பக்கம் x − x³/6 ஆகிறது. பிழை உடனே தெரிந்துவிடும்.

மறுபடியும் x = 0 போட்டால் y′(0) = 1. இன்னொரு முறை வகையிட்டால் தொகையீடு முற்றிலும் போய், y″ = −y என்ற வகைக்கெழுச் சமன்பாடு மிஞ்சுகிறது. இதற்குத் தீர்வுகள் எண்ணற்றவை: A sin x + B cos x. நாம் குறித்து வைத்த இரண்டு மதிப்புகளும் A = 1, B = 0 என்று தீர்த்துவிடுகின்றன. விடை y = sin x. சரிபார்ப்பதும் எளிது: ∫₀ˣ (x − t) sin t dt = x − sin x; அதை x-இலிருந்து கழித்தால் sin x.

அந்த மதிப்புகளைக் குறிக்காமல் விட்டால் என்ன ஆகும்? தொடக்கத்தில் x இருந்த இடத்தில் x + 5 என்று வைத்துப் பாருங்கள். இருமுறை வகையிட்டால் அதே y″ = −y தான் வரும்; 5 தடயமில்லாமல் போயிருக்கும். ஆனால் y(0) = 5 என்பதால் உண்மையான விடை sin x + 5 cos x. வகையிடும்போது மாறிலிகள் அழிகின்றன; ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பே x = 0 போட்டு அவற்றை எடுத்துவிட வேண்டும்.

இந்த வழி எல்லாச் சமன்பாட்டுக்கும் பலிக்காது. (x − t) இருமுறை வகையிட்டதும் மறைந்தது. அதற்குப் பதில் 1/(1 + x − t) இருந்தால், எத்தனை முறை வகையிட்டாலும் தொகையீடு உள்ளேயே இருக்கும். 1/√(x − t) வந்தால் முதல் அடியே வைக்க முடியாது; t = x என்ற இடத்தில் அது முடிவிலிக்குப் போகிறது. நார்வே நாட்டு நீல்ஸ் ஆபெல் 1823-இல் ஆராய்ந்த சமன்பாடு இத்தகையது. அதற்கு முறை வேறு: இன்னொரு வர்க்கமூலக் காரணியால் பெருக்கி மீண்டும் ஒருமுறை தொகையிட்டு, அதன் பிறகே வகையிடுகிறார்கள்.