டாலர் சம்பளம்: கட்டத் தேவையில்லாத வரியும் கண்ணுக்குத் தெரியாத கட்டணமும்

அமெரிக்காவில் படிப்பை முடித்து முதல் வேலையில் சேரும் நம் பிள்ளைகள், சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதற்கு மேலே உள்ள பிடித்தங்களில், பலர் கட்டவே தேவையில்லாத வரி ஒன்றும் இருக்கக்கூடும். மிஞ்சிய பணத்தை ஊருக்கு அனுப்பும்போது, ரசீதில் வராத இன்னொரு செலவும் சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் முதல் ஆண்டிலேயே கணிசமான தொகை மிச்சமாகும்.

ஓர் உதாரணம். கோவையிலிருந்து 2023 ஆகஸ்டில் எஃப்-1 விசாவில் முதுநிலைப் படிப்புக்குச் சென்ற மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் கல்விக் கடன் இருக்கிறது. 2025 ஜூலையில் ஓ.பி.டி. எனப்படும் பயிற்சிக்கால வேலையில் சேர்கிறார். மாதச் சம்பளம் 6,000 டாலர்.

முதலில் வங்கிக் கணக்கு

சோஷியல் செக்யூரிட்டி எண் வந்தால்தான் கணக்கு தொடங்க முடியும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அது தேவையில்லை. பாஸ்போர்ட், ஐ-20, தங்குமிட முகவரிக்கான சான்று ஆகியவற்றை வைத்தே பல வங்கிகள் கணக்கு தொடங்கித் தருகின்றன. மாதக் கட்டணம் இல்லாத மாணவர் செக்கிங் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் சம்பளத்துக்கும் வரிக்கும் உரியது. எஃப்-1 மாணவர்களுக்கு அது வேலை கிடைத்த பிறகே தரப்படும். வளாகத்தில் ஒரு சிறு வேலை கிடைத்தாலும் போதும், விண்ணப்பிக்கலாம்.

பிடிக்கக் கூடாத 7.65 சதவீதம்

அமெரிக்காவில் சம்பளத்திலிருந்து இரண்டு வகை வரி பிடிக்கிறார்கள். ஒன்று வருமான வரி. மற்றொன்று முதியோர் ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்குமான பங்களிப்பு. சீட்டில் இது FICA என்றோ, சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம் என்று தனித்தனியாகவோ இருக்கும்.

எஃப்-1 மாணவர்கள் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிச் சட்டத்தின் பார்வையில் பொதுவாக ‘குடியிருப்போர்’ அல்லர். அந்த ஆண்டுகளில் இந்த 7.65 சதவீதத்தை அவர்கள் கட்ட வேண்டியதில்லை. வளாக வேலைக்கும் ஓ.பி.டி. வேலைக்கும் இது பொருந்தும். 2023 ஆகஸ்டில் வந்திருந்தாலும் அது முழு ஓர் ஆண்டாகவே கணக்கிடப்படும். ஆகவே நம் மாணவிக்கு 2023 முதல் 2027 வரை விலக்கு உண்டு. இடையில் ஹெச்-1பி விசாவுக்கு மாறினால் அந்த நாளோடு விலக்கு முடிந்துவிடும்.

ஆனால் வெளிநாட்டு மாணவர்களை அதிகம் வேலைக்கு எடுத்துப் பழகாத நிறுவனங்கள் எல்லோருக்கும் போலவே பிடித்துவிடுகின்றன. அப்படிப் பிடித்தால் நம் மாணவிக்கு மாதம் 459 டாலர் போகும். ஜூலை முதல் டிசம்பர் வரை 2,754 டாலர். ஆண்டு முடிந்ததும் நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தின் 4, 6ஆம் கட்டங்களில் தொகை இருந்தால், பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஊழியரிடம் பிடிக்கும் அதே தொகையை நிறுவனமும் தன் பங்காகக் கட்டுகிறது. திருத்தினால் அதற்கும் பணம் திரும்பும் என்பதால் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். நிறுவனம் மறுத்தால் படிவம் 843, படிவம் 8316 இரண்டையும் நிரப்பி, டபிள்யூ-2, விசா, ஐ-94, ஐ-20, வேலை அனுமதி அட்டை ஆகியவற்றின் நகல்களோடு வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்ப வேண்டும். பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டாக வேண்டும்.

இந்தியருக்கு மட்டும் ஒரு சலுகை

குடியிருப்போர் அல்லாதவர்களுக்கு அமெரிக்காவில் பொதுவாக நிலையான கழிவு கிடையாது. இந்திய மாணவர்கள் விதிவிலக்கு. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு அவர்களுக்கு அதைத் தருகிறது. 2025ஆம் ஆண்டுக்குத் தனிநபர் கழிவு 15,750 டாலர். நம் மாணவியின் ஆறு மாத வருமானம் 36,000 டாலர். கழிவு போக 20,250 டாலருக்குத்தான் வரி. அது சுமார் 2,190 டாலர். கழிவைக் கேட்காமல் விட்டால் 4,080 டாலர் ஆகிவிடும். சம்பளத்தில் பிடித்தது இதைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் திரும்ப வரும்.

இதைப் பெற 1040-என்ஆர் படிவத்தை ஏப்ரல் 15க்குள் தாக்கல் செய்ய வேண்டும். கூடவே 8843 படிவமும். வருமானமே இல்லாத மாணவரும் 8843ஐ மட்டும் ஜூன் 15க்குள் அனுப்பியாக வேண்டும். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் பல வரி மென்பொருள்கள் 1040 என்ற குடியிருப்போர் படிவத்தைத்தான் தயாரிக்கும். அதைத் தாக்கல் செய்தால் விசா நிலைக்குப் பொருந்தாத கணக்காகிவிடும்; பின்னால் திருத்தம் போட வேண்டிவரும். பல பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர் அலுவலகங்கள் இதற்கென்றே உள்ள மென்பொருளைக் கொடுக்கின்றன, அதைக் கேளுங்கள். மாநில வரி தனி. டெக்சாஸில் அது இல்லை; கலிஃபோர்னியாவில் உண்டு.

ஊருக்கு அனுப்பும்போது

பணம் அனுப்பும் நிறுவனங்கள் ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும்போது, லாபத்தைப் பெரும்பாலும் மாற்று விகிதத்தில் வைத்திருக்கும். சந்தை விகிதம் ஒரு டாலருக்கு 88 ரூபாய் என்று கொள்வோம். கட்டணம் வாங்காத நிறுவனம் 86.50 தருகிறது என்றால் 1,000 டாலருக்கு 86,500 ரூபாய் வரும். இன்னொன்று 7 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு 87.90 தருகிறது. 993 டாலருக்கு 87,285 ரூபாய் கிடைக்கும். கட்டணம் வாங்கியதே 785 ரூபாய் மலிவு. ஆகவே கட்டணத்தையும் விகிதத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஊரில் கையில் விழும் ரூபாய் எவ்வளவு என்ற ஒரே எண்ணை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செயலிகளில் ஒப்பிடுங்கள். முதல் முறை காட்டும் விகிதம் பெரும்பாலும் அறிமுகச் சலுகை. இரண்டாவது முறை மறுபடியும் பாருங்கள்.

பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கவிடுவதே பொதுவாக மலிவு. ஓரிரு நாள் கூடுதலாகலாம். கிரெடிட் கார்டில் அனுப்பினால் ரொக்கம் எடுத்ததாகக் கருதி அன்றிலிருந்தே வட்டி ஏறக்கூடும். 2026 ஜனவரி 1 முதல் ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஒரு சதவீத வரியும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்தும் அமெரிக்க டெபிட் கார்டிலிருந்தும் அனுப்புவதற்கு அந்த வரி இல்லை.

ஊரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். டாலர் வருமானத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு நல்லது, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் திரும்ப எடுத்துச் செல்லவும் தடையில்லை. பெற்றோர் கணக்குக்கு அனுப்பும் தொகை உறவினர் தரும் பரிசு என்பதால் அவர்களுக்கு வரி கிடையாது.

ஐந்து ஆண்டு முடிந்தோ ஹெச்-1பி கிடைத்தோ ‘குடியிருப்போர்’ ஆனதும் விதிகள் மாறிவிடும். என்.ஆர்.இ. வட்டிக்கும் அமெரிக்காவில் வரி கட்ட வேண்டும். இந்தியக் கணக்குகள் அனைத்தின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்கவும் வேண்டும். தவறினால் அபராதம் கடுமை.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம் அடுத்த முறை பேசும்போது, டபிள்யூ-2 படிவத்தின் 4, 6ஆம் கட்டங்கள் காலியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். காலியாக இல்லையென்றால், அந்த வாரமே சம்பளப் பிரிவுக்கு எழுதச் சொல்லுங்கள்.