சொந்தமில்லாத கடை, கணக்கில் ஏறிய கடன்

சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியத்தின் தலைவராக 2011 வரை இருந்த சர் டேவிட் ட்வீடி ஓர் ஆசையை மேடைகளில் சொல்வார். கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவையாவது, விமான நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கிற ஒரு விமானத்தில் பறந்துவிட வேண்டும் என்பதுதான் அது. வேடிக்கையாகச் சொன்னாலும் குத்தல் அதில் இருந்தது. பல விமான நிறுவனங்கள் ஓட்டுகிற விமானங்களில் பெரும்பகுதி குத்தகைக்கு எடுத்தவை. பத்து வருடம், பன்னிரண்டு வருடம் மாதாமாதம் வாடகை கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆனால் அவர்களுடைய பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டினால் அந்த விமானமும் இருக்காது, கட்டவேண்டிய பாக்கியும் இருக்காது. கடைசிப் பக்கங்களில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும்.

பழைய விதி குத்தகைகளை இரண்டாகப் பிரித்தது. சொத்தின் பலனும் அபாயமும் ஏறக்குறைய முழுவதும் எடுத்தவர் தலையில் விழுந்தால் அது நிதிக் குத்தகை. கடன் வாங்கிச் சொத்து வாங்கியதுபோல எழுத வேண்டும். மற்றவையெல்லாம் இயக்கக் குத்தகை. வாடகையைச் செலவாக எழுதினால் போதும். அமெரிக்காவில் இதற்கு எண்ணாலேயே கோடு கிழித்திருந்தார்கள். வாடகைகளின் இன்றைய மதிப்பு சொத்தின் விலையில் 90 சதவீதத்தைத் தொட்டால் அது கடன். கோடு தெரிந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 89 சதவீதத்தில் வந்து நிற்கும்படி ஒப்பந்தங்கள் கச்சிதமாகத் தைக்கப்பட்டன. 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்த சர்க்யூட் சிட்டி என்ற அமெரிக்க மின்னணுப் பொருள் கடைச் சங்கிலியைப் பின்னால் ஆராய்ந்தபோது, கணக்கில் காட்டிய கடனைவிடக் காட்டாத வாடகைக் கடப்பாடு பல மடங்கு பெரிதாக இருந்தது.

இந்தப் பிரிவினையை 2016 ஜனவரியில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 16 எடுத்துவிட்டது. குத்தகைக்கு எடுத்தவருக்கு இனி ஒரே முறைதான். அது 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அதே விதி இண்ட் ஏஎஸ் 116 என்ற பெயரில் 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

வாடகையைப் போய்க் கடன் என்பதா என்று வியாபாரிகள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மேலாளரை ஐந்து வருடத்துக்கு வேலைக்கு எடுத்தால் ஐந்து வருடச் சம்பளத்தையும் கடனாக எழுதுகிறோமா? இல்லை. ஏனென்றால் அவர் இன்னும் வேலை செய்யவில்லை. நாளைய உழைப்புக்கு நாளைய சம்பளம். இரண்டும் வரும்போது இரண்டையும் எழுதிக்கொள்ளலாம். கடை வாடகை அப்படி இல்லை. சாவியைக் கையில் கொடுத்த அன்றே கட்டடக்காரர் தன் பங்கை முடித்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முழுக்க அந்த இடம் உங்கள் பிடியில். பாக்கியிருப்பது நீங்கள் பணம் கட்டுவது மட்டும்தான், நடுவில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பெற்றுக்கொண்டாயிற்று, இன்னும் கொடுக்கவில்லை என்றால் அதன் பெயர் கடன்தானே. பெற்றுக்கொண்டது கட்டடத்தை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமையை. அதனால்தான் சொத்துப் பக்கத்தில் ‘கட்டடம்’ என்று எழுதாமல் ‘பயன்பாட்டு உரிமைச் சொத்து’ என்று எழுதுகிறார்கள். எதிர்ப் பக்கத்தில் குத்தகைப் பொறுப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு மருந்துக்கடைச் சங்கிலி மதுரையில் ஒரு கடை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய் வாடகை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வாடகையை ஒவ்வொரு வருடக் கடைசியிலும் கட்டுவதாகக் கொள்வோம். மொத்தம் 50 லட்சம் கட்டவேண்டும். ஆனால் ஐந்தாம் வருடம் கட்டப்போகும் 10 லட்சத்துக்கு இன்று அந்த மதிப்பு இல்லை. இதே காலத்துக்கு, இதே அளவு பணத்தை வங்கியில் கேட்டால் நிறுவனத்துக்கு என்ன வட்டி விழுமோ அந்த வட்டியில் கழித்துப் பார்க்கவேண்டும். அது 10 சதவீதம் என்றால் ஐந்து தவணைகளின் இன்றைய மதிப்பு 37.91 லட்சம். முதல் நாளே இந்தத் தொகை இரண்டு பக்கத்திலும் ஏறும். ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. ஆனால் நிறுவனத்தின் சொத்தும் கடனும் தலா 37.91 லட்சம் பெருத்துவிட்டன.

முதல் வருட முடிவில் 37.91 லட்சத்துக்கு வட்டி 3.79 லட்சம். கட்டிய 10 லட்சத்தில் இது போக மீதி 6.21 லட்சம் அசலில் கழிய, பாக்கி 31.70 லட்சம். வீட்டுக்கடன் இ.எம்.ஐ. கட்டுகிறவர்களுக்கு இது பழகிய கதை: ஆரம்பத்தில் வட்டி தின்னும், போகப்போகக் குறையும். சொத்துப் பக்கம் அப்படி இல்லை. 37.91 லட்சத்தை ஐந்தாகப் பிரித்து வருடத்துக்கு 7.58 லட்சம் தேய்மானமாக ஒரே சீராக எழுதுகிறார்கள். ஆக முதல் வருடச் செலவு தேய்மானமும் வட்டியும் சேர்த்து 11.37 லட்சம். கட்டிய வாடகையோ 10 லட்சம். ஐந்தாம் வருடம் இதே செலவு 8.49 லட்சமாக இறங்கிவிடும். ஐந்து வருடத்தையும் கூட்டினால் அதே 50 லட்சம்தான். முதல் வருட முடிவில் சொத்து 30.33 லட்சம், கடன் 31.70 லட்சம் என்று கடன் சற்றே எட்டி நிற்பது இதனால்தான். கடைகளைப் புதிது புதிதாகத் திறந்துகொண்டே போகிற நிறுவனத்தில் லாபம் கொஞ்சம் அமுங்கித் தெரிவதற்கும் இதுவே காரணம்.

வேறொரு இடத்தில் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை எபிட்டா என்று சொல்லி முதலீட்டாளர்கள் உற்றுப் பார்ப்பார்கள். முன்பு வாடகை அதற்கு மேலேயே கழிந்துவிடும். இப்போது வாடகை என்ற வரியே இல்லை. அது தேய்மானமாகவும் வட்டியாகவும் உடைந்து கீழே போய்விட்டது. நம் மதுரைக் கடை ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக விற்காமல் எபிட்டாவை 10 லட்சம் உயர்த்திக் கொடுத்துவிடும். 2019 மார்ச்சில் முடிந்த வருடத்தையும் அடுத்த வருடத்தையும் பக்கத்தில் வைத்து ‘அபார வளர்ச்சி’ என்று எழுதப்பட்டதில் எவ்வளவு இந்த இடமாற்றம் என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது.

விமான நிறுவனங்களுக்கு இன்னொரு தலைவலி சேர்ந்தது. விமானக் குத்தகை பெரும்பாலும் டாலரில். 10 லட்சம் டாலர் பொறுப்பை டாலர் 80 ரூபாயாக இருந்தபோது எழுதினால் 8 கோடி. டாலர் 85 ஆனால் அதே பொறுப்பு 8.5 கோடி ஆகும். அந்த 50 லட்சம் அந்தக் காலாண்டின் நஷ்டம். ஆனால் உரிமைச் சொத்தைப் புதிய டாலர் விலைக்கு மாற்ற விதி இடம் கொடுப்பதில்லை. அது பழைய 8 கோடியிலிருந்தே தேயும். ரூபாய் சரிகிற காலாண்டுகளில் இண்டிகோ போன்ற நிறுவனங்களின் முடிவில் பெரிய அந்நியச் செலாவணி நஷ்டம் தெரிவதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தப் பணம் அன்றைக்கே கையை விட்டுப் போகவில்லை, வரும் வருடங்களில் தவணை தவணையாகப் போகும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஓர் அனுமானம்: குத்தகை எத்தனை வருடம்? விதியின் பலவீனமான இடம் இதுதான் என்பது என் கருத்து. மதுரைக் கடையின் ஒப்பந்தத்தில், ஐந்து வருடம் முடிந்ததும் நான்கு வருடம் நீட்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று ஒரு வரி இருக்கட்டும். நீட்டிப்பது ஏறக்குறைய நிச்சயம் என்று நிர்வாகம் நினைத்தால் ஒன்பது வருட வாடகையையும் சேர்க்கவேண்டும், பொறுப்பு 57.59 லட்சமாகிவிடும். சொல்வதற்கில்லை என்று நினைத்தால் 37.91 லட்சம். கடையும் அதே கடை, வாடகையும் அதே வாடகை. கிட்டத்தட்ட 20 லட்சம் வித்தியாசம் நிர்வாகத்தின் மனக்கணக்கில் இருக்கிறது.

நம்மூரில் இதற்கு இன்னொரு கிளை உண்டு, பதினோரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. பன்னிரண்டு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் குத்தகையைப் பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றவேண்டாம், வாடகையைச் செலவாகவே எழுதிக்கொள்ளலாம் என்று புதிய விதி சலுகை தருகிறது. அப்படியானால் எல்லாக் கடைகளையும் பதினோரு மாதத்துக்கு எடுத்துப் புதுப்பித்துக்கொண்டே போனால் கடனே தெரியாதே? 2019 நவம்பரில் ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு இதன் வேரைத் தொட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அபராதத்தை மட்டும் பார்த்தால் போதாது, விட்டுப்போவதால் உண்மையில் என்ன நஷ்டம் வரும் என்பதையும் பார்க்கவேண்டும் என்றது. மதுரைக் கடையில் 40 லட்சம் செலவழித்து ரேக்கும் ஏ.சி.யும் குளிர்ப்பெட்டியும் போட்டுவிட்டு, அவற்றுக்கு எட்டு வருடத் தேய்மானம் எழுதிக்கொண்டே, குத்தகை பதினோரு மாதம்தான் என்று சொன்னால் தணிக்கையாளர் புருவத்தை உயர்த்தவேண்டும். இரண்டு பக்கத்திலும் ஒரே காலம்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் ஏன் பொருந்தவில்லை என்பதற்குப் பதில் வேண்டும்.

விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாடகை பேசும் மால் கடைகளில் அந்தத் தொகை பொறுப்பில் சேராது. எவ்வளவு விற்கும் என்பது கடைக்காரர் கையில்தான் என்பதால், விற்ற பிறகே அது கடன். குறைந்தபட்ச வாடகை என்று ஒன்று நிர்ணயித்திருந்தால் அதற்கு மட்டும் கணக்குப் போடவேண்டும். சிறு வியாபாரிகளுக்கும் இந்தச் சுமை இல்லை. பட்டியலிடப்படாத, நிகர மதிப்பு 250 கோடிக்குக் கீழுள்ள பெரும்பாலான நிறுவனங்கள் இன்னும் ஏஎஸ் 19 என்ற பழைய முறையிலேயே நிற்கின்றன.

ஆண்டறிக்கை கையில் இருந்தால் குத்தகை பற்றிய குறிப்புக்குப் போய் மூன்று எண்களைத் தேடுங்கள்: குறுகிய காலக் குத்தகைக்குக் கட்டிய வாடகை, விற்பனையோடு மாறும் வாடகை, குத்தகைகளுக்காக அந்த வருடம் கையை விட்டுப்போன மொத்தப் பணம். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. மொத்தப் பணத்தில் பெரும்பகுதி முதல் எண்ணிலேயே அடங்கிவிட்டது, ஆனால் நிறுவனமோ பல ஊர்களில் வருடக்கணக்காக அதே கடைகளை நடத்துகிறது என்றால், பேலன்ஸ் ஷீட்டில் தெரியும் குத்தகைப் பொறுப்பு முழுக் கதை அல்ல.