‘போடுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி காட்டுங்க’

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாசலருகே காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்தது, வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. ஒன்று மைக்ரோ, மற்றது மில்லி. போனில் யாராவது வேகமாகச் சொல்ல, நிருபர் கிறுக்கிக்கொண்டால் இரண்டும் இடம் மாறிவிடும். மாறினால் ஆயிரம் மடங்கு பிழை.

விம்கோ நகரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர் ஒருவர் இதைப் பற்றி ஒரு நிருபருக்கு அரைமணி நேரம் விளக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேசி முடித்ததும் சொல்கிறார்: “போடுறதுக்கு முன்னாடி நான் சொன்னதை ஒருவாட்டி காட்டுங்க தம்பி.”

கேட்டவுடன் ‘அதெல்லாம் வழக்கமில்லை சார்’ என்று முறுக்கிக்கொள்ளத் தேவையில்லை. ‘அனுப்பிடறேன் சார்’ என்று வாக்குக் கொடுப்பது அதைவிட மோசம். எதைப் பற்றிக் கவலை என்று முதலில் கேட்க வேண்டும். இவருக்கு எண்களும் குழாயின் வேலையும்தான் கவலை என்றால், எழுதி முடித்ததும் போன் போட்டு, அவர் சொன்ன வரிகளை மட்டும் வாசித்துக் காட்டலாம். முழுக் கட்டுரையும் வேண்டாம், மற்றவர்கள் சொன்னதும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் தவிர்ப்பது நல்லது. எழுத்தில் கைக்குப் போனால் திருத்தும் ஆசை வரும். மகனுக்கும் வக்கீலுக்கும் ஃபார்வர்டு ஆகும். பக்கம் முடிக்கும் நேரத்தில் புதுப் பத்தி ஒன்று திரும்பி வரும்.

வாசிக்கும்போது அவர் குறுக்கிடுகிறார். “குழாய் வெடிச்சுதுன்னு நான் சொல்லலையே, குழாயில அழுத்தம் குறைஞ்சுதுன்னுதானே சொன்னேன்?” நோட்டையோ பதிவையோ பார்த்தால் அவர் சொன்னதே சரி. உடனே திருத்த வேண்டியதுதான்; வெடிப்பும் அழுத்தக் குறைவும் வேறு வேறு விஷயங்கள். இரண்டு வரி தள்ளி இன்னொன்று வருகிறது. “சனங்களுக்கு லேட்டாத்தான் தகவல் சொன்னாங்கன்னு பேசினேனே, அதை எடுத்துடுங்க.” இது பிழை இல்லை, மனமாற்றம். பதிவிலும் அப்படியே இருக்கிறது. ‘சார், அது நீங்க சொன்னது. இப்ப வேற விளக்கம் இருந்தா அதையும் சேர்த்துப் போடறேன்’ என்பதுதான் பதில். பழைய சொல்லை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் வைப்பது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்கு எண்ணூரிலேயே சாட்சி உண்டு. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘டான் காஞ்சிபுரம்’, ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. சில நாட்களில் எர்ணாவூர் கரையில் எண்ணெய்ச் சகதியை ஆட்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த முதல் வாக்கியத்தை ஒப்புதலுக்கு அனுப்பி, பதில் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால், அது அச்சிலேயே இருந்திருக்காது. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதே அங்கே செய்தியாக இருந்தது.

அமெரிக்கத் தேர்தல் பிரசாரக் குழுக்கள் இந்த ஒப்புதல் வழக்கத்தை ஒரு வியாபாரமாகவே ஆக்கின: பேட்டி தருகிறோம், எந்த வரி வரலாம் என்பதை நாங்கள் சொல்வோம் என்றார்கள். 2012 ஜூலையில் நியூயார்க் டைம்ஸே இதை அம்பலப்படுத்தியது. செப்டம்பரில் தன் நிருபர்களுக்குத் தடையும் போட்டது. ஜெர்மனியிலோ கேள்வி-பதில் பேட்டியை ஒப்புதலுக்கு அனுப்புவது இன்றும் சாதாரணம். முறை எதுவானாலும் பேச உட்காரும் முன்பே பேசி முடித்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். ‘பதிவு பண்றேன், எண்களைத் திரும்பக் கேட்டுக்குவேன், வரிகளை மாத்த முடியாது’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம். ரகசியமாகப் பதிவு செய்வது, சட்டப் பாதுகாப்பு போன்ற வலுவான காரணம் இருந்தாலொழிய, பிரஸ் கவுன்சில் நெறிப்படியும் தவறு.

மேலே சொன்ன கண்டிப்பு, பத்திரிகையோடு பழகியவர்களுக்கும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும். ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி அடுத்த நாள் போன் செய்து, ‘அண்ணே, நான் சொன்னதைப் போட்டுடாதீங்க, கேட்டிலேயே நிறுத்திடுவாங்க’ என்றால் கணக்கே வேறு. வாசித்துக் காட்டும்படி அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நிருபரே முன்வந்து வாசித்துக் காட்ட வேண்டும். பெயரை எடுத்தால் மட்டும் போதாது: எந்த ஷிப்ட், எந்தத் தெரு, எத்தனை வருட அனுபவம் என்ற விவரம் ஒன்று மிஞ்சினாலும் சூப்பர்வைசர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த விவரங்களை எடுத்த பிறகும் அவர் பயந்தால், அதே தகவலை ஆவணத்திலிருந்தோ வேறொருவரிடமிருந்தோ பெற முடியுமா என்று டெஸ்க்கிடம் பேசிவிட்டு, முடிந்தால் அவர் வரியை விட்டுவிடலாம்.